புதிய வேலையின் முதல் நாளில் கொடுக்கும் பத்திரங்கள்: பெயர், இலக்கம், கணக்கு ஆகிய மூன்றும் எங்கே போய்ச் சேருகின்றன?

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்து, புதிதாக வேலைக்கு வருபவர்களின் படிவங்களைப் பல ஆண்டுகளாக வாங்கி வைத்து வருகிறேன். மல்லாவி, ஒட்டுசுட்டான், முழங்காவில், புதுக்குடியிருப்பு என்று பல இடங்களிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள், பொலித்தீன் பைக்குள் சுற்றிய கோவையை மேசையில் வைத்துவிட்டுப் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்னென்ன கொப்பி வேணும், அக்கா?" எந்தப் பிரதி வேண்டும் என்பது சின்ன விடயம். அந்தப் பிரதிகளிலிருந்து எடுத்துப் படிவத்தில் எழுதப்படும் பெயரும் இலக்கங்களும் அன்று பின்னேரமே வேறு அலுவலகங்களுக்குப் பயணப்படத் தொடங்குகின்றன என்பதையும், அவற்றில் ஒரு எழுத்து மாறினால் என்ன நடக்கும் என்பதையும் கேட்பவர்கள் மிகக் குறைவு.

அவை போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈ.பி.எப். அதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு பெரும்பாலும் தவறானது. "ஆறு மாதம் தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈ.பி.எப். போடுவார்கள்" என்கிறார்கள். "ஈ.பி.எப். என்பது கம்பனி எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் காசு" என்கிறார்கள். "ஒரு தடவை நம்பர் எடுத்தால் ஆயுள் முழுதும் அதே நம்பர்தான்" என்றும் சொல்கிறார்கள். இந்த மூன்றும் பிழை. ஏன் பிழை என்பதை, தனியார் துறையில் அல்லது அரசசார்பற்ற நிறுவனம் ஒன்றில் முதன்முறையாக வேலைக்குச் சேரும் ஒருவரை மனதில் வைத்து விளக்குகிறேன். ஓய்வூதியம் உள்ள அரச நியமனங்களுக்கு நடைமுறை வேறு. அதை இங்கே தொடவில்லை.

குறி சுட்ட மாடு

வன்னியில் மாடு வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப் பக்கமாகச் சாய்த்து விடுவார்கள். பல வீட்டு மாடுகள் ஒரே பட்டியாகக் கலந்து மேயும். மாதங்கள் கழித்து அவற்றைப் பிரிக்கும்போது மாட்டின் முகத்தைப் பார்த்து யாரும் பிரிப்பதில்லை, தொடையில் சுட்ட குறியைப் பார்த்தே பிரிக்கிறார்கள். குறி தெளிவாக இருந்தால் ஐந்து வருடம் கழித்தும் மாடு உரியவரின் பட்டிக்கு வரும். குறி கருகி, "த"வா "து"வா என்று தெரியாமல் போனால் மாடு கண் முன்னே நின்றாலும் அது உங்களுடையது என்று நிறுவ முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

உங்கள் சம்பளத்திலிருந்தும் தொழில் தருநரிடமிருந்தும் போகும் பணமும் அப்படியே பெரிய பட்டி ஒன்றுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே உங்களை அறிந்தவர் யாரும் இல்லை. முதல் நாள் படிவத்தில் எழுதப்படும் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் இலக்கம் ஆகியவைதான் அந்தப் பணத்தின் மீது இடப்படும் குறி. வங்கிக் கணக்கு இலக்கம் மாதச் சம்பளத்துக்கான இன்னொரு குறி.

அந்தப் பட்டி எது?

இரண்டு நிதியங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

முதலாவது ஊழியர் சேமலாப நிதியம். பேச்சு வழக்கில் ஈ.பி.எப். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தொழில் திணைக்களம் அதை நிருவகிக்கிறது. பணம் இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் உழைப்பூதியத்தில் 8 சதவீதத்தை உங்களிடமிருந்து கழித்து, அதற்கு மேல் 12 சதவீதத்தைத் தொழில் தருநர் தன் கையிலிருந்து போட்டு, மொத்தம் 20 சதவீதத்தை உங்கள் பெயரில் செலுத்த வேண்டும். சாதாரணமாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இதைப் பெறலாம்.

இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈ.ரி.எப். இது 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. தொழில் தருநரே 3 சதவீதம் செலுத்துகிறார். சம்பளச் சிட்டையில் ஈ.ரி.எப். என்று எழுதி உங்கள் பணத்தில் கழித்திருந்தால் அது பிழை, அன்றைக்கே கேட்க வேண்டியது.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்றும், அந்த மாதம் மேலதிக நேர வேலைக்கு 6,000 ரூபா கிடைத்தது என்றும் வைத்துக்கொள்வோம். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆகவே 40,000 ரூபாவுக்கே கணக்கிட வேண்டும். உங்களிடமிருந்து கழிக்கப்படுவது 3,200 ரூபா. தொழில் தருநர் சேமலாப நிதிக்குப் போடுவது 4,800 ரூபா. நம்பிக்கை நிதிக்குப் போடுவது 1,200 ரூபா. வேறு கழிவுகள் இல்லாவிட்டால் உங்கள் கைக்கு வருவது 42,800 ரூபா; உங்கள் பெயரில் வெளியே சேருவது 9,200 ரூபா. 3,200 ரூபா குறைந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர், அந்தக் கழிவோடு சேர்ந்து தன் பெயருக்கு வரும் மிகுதி 6,000 ரூபாவைப் பார்ப்பதில்லை.

சுருக்கமாக: சேமலாப நிதிக்கு நீங்கள் 8, தொழில் தருநர் 12. நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மட்டும் 3.

எந்த நாளிலிருந்து?

வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், நாட்கூலிக்கோ துண்டுக் கணக்கிலோ வேலை செய்பவர், பயிலுநர் என்று யாரானாலும், நிதியச் சட்டத்துக்கு உட்பட்ட வேலையாக இருந்தால் முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. தகுதிகாண் காலம் என்பது உங்களை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பார்க்கும் காலம். நிதியத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

மேலே சொன்ன 40,000 ரூபா சம்பளத்தில் ஆறு மாதம் பதியாமல் விட்டால் சேமலாப நிதியில் 48,000 ரூபாவும் நம்பிக்கை நிதியில் 7,200 ரூபாவும் உங்கள் பெயரில் சேராமல் போகும். அதில் உங்கள் பங்காகிய 19,200 ரூபா சம்பளத்தோடு கைக்கு வந்திருக்கும் என்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தொழில் தருநர் தரவேண்டிய 36,000 ரூபாதான் உண்மையில் மறைந்து போவது. அதனால் நியமனக் கடிதத்தில் வேலை தொடங்கும் திகதி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்குப் பதவி, சம்பளம் முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. "கடிதம் பிறகு தருகிறோம்" என்ற வாய்ச்சொல்லோடு மாதங்கள் கடந்தால், எந்த நாளில் தொடங்கினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் அத்தாட்சி எதுவும் இருக்காது.

முதல் குறி: பெயர்

எங்கள் பக்கத்தில் மிகுதியான சிக்கல் பெயரிலேயே வருகிறது. ஆகவே இதில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, ஒட்டுசுட்டானிலிருந்து வரும் பிள்ளை ஒருவருக்குக் கலைவாணி என்றும், தகப்பனாருக்குத் தவசீலன் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "கலைவாணி" என்று மட்டும் இருக்கும். தகப்பனின் பெயர் வேறு கூட்டில் இருக்கும். தேசிய அடையாள அட்டையில் "தவசீலன் கலைவாணி" என்று இருக்கும். க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழில் `THAVASEELAN KALAIVANI` என்று இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் திறந்த வங்கிப் புத்தகத்தில், அன்று கருமபீடத்தில் இருந்தவர் கேட்ட ஓசைப்படி `T.KALAIVANY` என்று எழுதிவிட்டார். நான்கும் ஒரே பிள்ளைதான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு `KALAIVANI` வேறு, `KALAIVANY` வேறு.

இந்தக் குழப்பத்துக்கு எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பழைய மட்டை அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்குப் பொதுவான ஒரு முறையும் எங்களிடம் இல்லை. ஆகவே பாடசாலை ஒரு விதமாகவும் வங்கி இன்னொரு விதமாகவும் எழுதின. அதற்கு மேல், இடப்பெயர்வில் மூலப்பத்திரங்களை இழந்து, முகாமிலோ பின்னர் பிரதேச செயலகத்திலோ புதிதாக எடுத்தவர்களும், பிறப்புப் பதிவே கிடைக்காமல் உத்தேச வயதுப் பத்திரம் எடுத்தவர்களும் இங்கே பலர். அவசரத்தில் எடுத்த பத்திரங்களில் ஒரு எழுத்து, ஒரு திகதி மாறியிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் இரவு எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு கடதாசியில் எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அடையாள அட்டையில் இருப்பதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அட்டையில் ஆங்கில எழுத்து இருந்தால் அதே எழுத்து; இல்லாவிட்டால் சாதாரண தரச் சான்றிதழில் உள்ள எழுத்து. வங்கியில் வேறாக இருந்தால், அடையாள அட்டையைக் கொண்டுபோய்ப் பெயரைத் திருத்திக் கேளுங்கள். கலைவாணியின் நிலையில் இதுவே போதும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் இடையிலேயே பெயர் மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து அலுவலகக் கோவையில் சேர்க்கலாம். சத்தியக்கடதாசி என்பது, உண்மை என்று சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்து மூலமான கூற்று. அது அலுவலகத்தின் சந்தேகத்தைத் தீர்க்குமே தவிர, மூலப்பதிவைத் திருத்தாது. பதிவைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதிக்கோ ஆட்பதிவுத் திணைக்களத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் வேலை கிடைத்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

திருமணமான பெண்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். தகப்பனின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போடுவது எங்கள் வழக்கம். கலைவாணி சுதன் என்பவரை மணந்தால் அடுத்த நாளே `S.KALAIVANI` என்று கையொப்பமிடத் தொடங்கிவிடுவார். அதில் தவறில்லை, ஆனால் அடையாள அட்டை இன்னும் தவசீலனின் பெயரிலேயே இருந்தால், அலுவலகப் படிவங்களிலும் அந்தப் பெயரையே எழுத வேண்டும். அட்டையை மாற்றினால் வங்கியிலும் அலுவலகத்திலும் ஒன்றாக மாற்ற வேண்டும். பாதி மாற்றிவிட்டுப் பாதியை விடுவதுதான் பின்னால் அலைச்சலைத் தருகிறது.

சுருக்கமாக: எல்லாப் படிவத்திலும் அடையாள அட்டையின் பெயர், அதே எழுத்துக்கள், அதே ஒழுங்கு.

இரண்டாவது குறி: அடையாள அட்டை இலக்கம்

பெயர் மாறினாலும் ஓரளவு விளக்கிவிடலாம். அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் மாறினால் பணம் வேறொரு குறியோடு நின்றுவிடும். ஆனால் இந்த இலக்கத்துக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. அது தெரிந்தால் படிவத்தில் உள்ள சில பிழைகளை அந்த இடத்திலேயே பிடிக்கலாம்.

2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் உண்டு. முதல் நான்கு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். கலைவாணி 2002 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் திகதி பிறந்தவர் என்றால், தை முதல் வைகாசி வரையுள்ள நாட்களாக 31, 29, 31, 30, 31 ஆகியவற்றைக் கூட்ட 152 வரும். அதோடு 2 சேர்த்து 154. பெண் என்பதால் 654. ஆகவே அவருடைய இலக்கம் `2002654` என்று தொடங்கும். மாசிக்கு எப்போதும் 29 நாள் என்றே இங்கே கணக்கு. 2002 இல் மாசிக்கு 28 நாள் தானே என்று தடுமாற வேண்டாம்.

பழைய அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்பது எண்களும் கடைசியில் `V` அல்லது `X` என்ற எழுத்தும் இருக்கும். அதில் வருடத்துக்கு இரண்டு எண்கள் மட்டுமே. அதைப் புதிய முறைக்கு மாற்றும்போது முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 இட்டு, மிகுதி நான்கு எண்களையும் எழுதி, எழுத்தை விட்டுவிடுவார்கள். முந்திய வேலையில் பழைய இலக்கத்தோடு பதிந்துவிட்டு இப்போது புதிய அட்டையோடு வருபவர்கள், இரண்டு இலக்கத்தையும் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

படிவம் நிரப்பி முடிந்ததும் அதைத் திருப்பி வாங்கி, அட்டையைப் பக்கத்தில் வைத்து இலக்கத்தை மூன்று மூன்று எண்களாக வாய்விட்டுப் படியுங்கள். என்னுடைய மேசையில் நான் படிக்க, வந்தவர் அட்டையைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். 5 ஐயும் 6 ஐயும் மாற்றி எழுதிய படிவங்கள் இப்படித்தான் பிடிபட்டிருக்கின்றன. எனக்கு இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் இருந்த வேறொரு இடத்தில், 55 வயதில் ஓய்வுபெற்ற காவலாளி அண்ணை ஒருவரின் சேமலாப நிதியை எடுக்கப் போனபோது, ஆரம்ப வருடங்களின் பணம் ஒரு எண் மாறிய இலக்கத்தின் கீழ் நின்றது. அது அவருடைய பணம்தான் என்று காட்டப் பழைய சம்பளச் சிட்டை தேடினோம். வீடு இடப்பெயர்வில் போனபோது சிட்டைகளும் போயிருந்தன. பழைய வரவுப் பதிவேடுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுவ மாதக்கணக்கானது. அந்த மாதங்களில் அவர் மதிய வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பதை நான் மறக்கவில்லை.

அங்கத்தவர் இலக்கம்

அங்கத்தவர் இலக்கம் என்பது சேமலாப நிதியத்தில் உங்கள் கணக்கின் இலக்கம். அதில் மூன்று பகுதிகள் உண்டு: ஓர் ஆங்கில எழுத்து, தொழில் தருநரின் இலக்கம், அந்த நிறுவனத்தில் உங்களுக்கான இலக்கம். நடுவில் இருப்பது நிறுவனத்தின் இலக்கம் என்பதால், நிறுவனம் மாறினால் அங்கத்தவர் இலக்கமும் மாறும். மூன்று இடங்களில் வேலை செய்தவருக்கு மூன்று இலக்கங்கள் இருக்கும். மூன்றையும் ஒரே ஆளோடு கட்டி வைத்திருக்கும் கயிறு தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய கணக்குகள் அழிந்து போவதில்லை. அவற்றை ஒன்றாக இணைக்கத் தொழில் அலுவலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஆகவே பழைய இடத்தின் பெயர், அங்கத்தவர் இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருங்கள். நம்பிக்கை நிதிக்கும் வழக்கமாக இதே இலக்கத்தையே பயன்படுத்துகிறார்கள்.

பதிவுப் படிவத்தோடு பின்னுரித்தாளர் கூறு ஒன்றும் வரும். பின்னுரித்தாளர் என்பவர், நீங்கள் இறந்தால் இந்தப் பணத்தைப் பெற நீங்கள் பெயர் குறித்து வைக்கும் ஆள். பிள்ளைகள் இதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையொப்பமிடுவதைப் பார்க்கிறேன். சாவைப் பற்றி எழுதுவது மனதுக்கு ஒப்பாதுதான். ஆனால் வெறுமையாக விட்டால் குடும்பம் பிறகு அதிக பத்திரங்களோடு அலைய வேண்டும். தாயின் பெயரை எழுதுகிறீர்கள் என்றால் தாயின் அடையாள அட்டை இலக்கத்தையும் கொண்டு வாருங்கள். திருமணத்தின் பின் புதிய படிவம் நிரப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது குறி: வங்கிக் கணக்கு

சம்பளம் வங்கிக்கு வங்கி இலத்திரனியல் முறையில் போகும்போது, பணத்தை வழிநடத்துபவை வங்கியின் நான்கு எண் குறியீடு, கிளையின் குறியீடு, கணக்கு இலக்கம் ஆகியவை. இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135 என்பது போல ஒவ்வொரு வங்கிக்கும் உண்டு. பெயர் சரியாக இருப்பதால் மட்டும் பணம் வந்து சேராது. இலக்கம் பிழைத்தால் பணம் திரும்பி வரும், அல்லது யாரோ ஒருவருடைய கணக்கில் விழும். திரும்பி வந்தால் அடுத்த கொடுப்பனவு வரை காத்திருக்க வேண்டும். வேறொருவரிடம் போனால் மீட்பது பெரும் பாடு.

நான் காணும் பிழைகள் பெரும்பாலும் மூன்று விதம். ஏ.ரி.எம். அட்டையின் முகப்பில் உள்ள 16 எண்களைக் கணக்கு இலக்கம் என்று நினைத்து எழுதுவது முதலாவது; அது அட்டையின் இலக்கம். சின்ன வயதில் பெற்றோர் திறந்த சிறுவர் சேமிப்புக் கணக்கைக் கொடுப்பது இரண்டாவது. வயது வந்தவரின் சாதாரண சேமிப்புக் கணக்காக அதை முதலில் மாற்ற வேண்டும். நீண்ட காலம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் செயலிழந்த கணக்கைக் கொடுப்பது மூன்றாவது. இதற்கு எளிய வழி, வேலைக்குப் போகும் வாரத்தில் வங்கிக்குப் போய் ஒரு சிறு தொகையை வைப்பிலிட்டுப் புத்தகத்தைப் பதிவு செய்து, பெயரும் இலக்கமும் உள்ள முதல் பக்கத்தைப் பிரதி எடுப்பது. இலக்கத்தைக் கையால் எழுதிக் கொடுப்பதிலும் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கொடுப்பது பாதுகாப்பு. அண்ணாவின் கணக்கு, கணவரின் கணக்கு என்று கொடுக்க வேண்டாம். உங்கள் உழைப்பு உங்கள் பெயரில் வந்து விழுந்தால்தான் அது உங்கள் சம்பளம் என்பதற்கு வங்கிக்கூற்றே அத்தாட்சியாகும்.

பிரதியும் மூலமும்

முதல் நாளில் பொதுவாகக் கேட்கப்படுபவை அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்விச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்று, முந்திய வேலை இருந்தால் அதன் சேவைச் சான்றிதழ், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆகியவை. சில இடங்களில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். கிராம அலுவலரின் சான்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டுமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அதற்காகவே ஒரு நாள் போகும்.

மூலப்பத்திரத்தைக் காட்டி, பிரதியைக் கொடுத்து, மூலத்தைக் கையோடு திருப்பி வாங்க வேண்டும். பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து "உண்மைப் பிரதி" என்று சமாதான நீதவானோ உரிய அலுவலரோ கையொப்பமிட்டு முத்திரை பதித்தால் அது உறுதிப்படுத்திய பிரதி. மூலத்தை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகும்படி கேட்கிறவர்களும் உண்டு. வேலையை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பதற்காக அப்படிக் கேட்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒரு தடவை எல்லாப் பத்திரத்தையும் இழந்து மீண்ட மக்கள் நாங்கள். உறுதிப்படுத்திய பிரதி தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாமல் கொடுத்தால் பத்திரத்தின் பெயர், இலக்கம், திகதி எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலங்களை லமினேற் செய்யவும் வேண்டாம். பின்னாளில் அவற்றில் முத்திரை பதிக்கவோ கடதாசியைப் பரிசோதிக்கவோ முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலே போதும்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 150,000 ரூபா வரை உள்ளவருக்குச் சம்பளத்தில் வரி கழிக்கப்படுவதில்லை. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கேட்டால் கொடுங்கள். அந்த இலக்கம் இருப்பதனால் மட்டும் வரி வந்துவிடாது.

பதிந்தார்களா என்று எப்படி அறிவது?

ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும். கலைவாணி பங்குனி முதலாம் திகதி தொடங்கினால், பங்குனிக்கான 8,000 ரூபா சித்திரை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே பங்குனிச் சம்பளச் சிட்டையில் 8 சதவீதக் கழிவு இருக்கிறதா, அது மேலதிக நேரம் நீங்கலான தொகைக்குச் சரியாக இருக்கிறதா, அங்கத்தவர் இலக்கம் அச்சாகியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். கழிவு இருந்து இலக்கம் இல்லாவிட்டால் பதிவு இன்னும் முடியவில்லை என்று பொருள் கொள்ளலாம். முதல் மாதத்தில் அப்படி இருப்பதுண்டு. வைகாசியிலும் அப்படியே இருந்தால் நிர்வாகப் பிரிவில் கேட்க வேண்டும். சிட்டையில் கழிவு இருப்பது பணம் போய்ச் சேர்ந்ததற்கு முழு அத்தாட்சி ஆகாது என்பதால், மத்திய வங்கியின் அங்கத்தவர் கணக்குக்கூற்றைப் பெற்றுச் சிட்டைகளோடு மாதம் மாதமாக ஒப்பிட வேண்டும்.

கேட்டும் பதில் இல்லாவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சம்பளம் விழுந்த வங்கிக்கூற்று, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு போங்கள். நியமனக் கடிதம் தரப்படவில்லை என்றால் சம்பளம் வந்த வங்கிப் பதிவுகள் அங்கே உதவும். கலைவாணி வங்கியில் பெயரைத் திருத்தி, சித்திரை மாதச் சிட்டையில் தன் அங்கத்தவர் இலக்கத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, சேர்ந்த திகதியையும் பக்கத்தில் குறித்துவிட்டால், முதல் நாளின் வேலை அவரளவில் அன்றுதான் முடிகிறது.